பள்ளிக்கு வர முடியாத அப்பாவுக்கு: ஆசிரியர் சந்திப்பின் ஒலிப்பதிவைச் சுருக்கி எழுதுவது எப்படி

பத்தாம் வகுப்புப் பையனின் வகுப்பாசிரியையோடு அம்மா பேசிய பதினொன்றரை நிமிட ஒலிப்பதிவு ஃபோனில் இருக்கிறது. அப்பா சார்ஜாவில். அங்கே அரசு அலுவலகங்களுக்குச் சனிக்கிழமை விடுமுறைதான். ஆனால் கட்டுமானத்திலும் கடைகளிலும் இருப்பவர்களில் பலருக்கு அது வேலை நாள். அறைக்கு வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகுதான் ஃபோனைக் கையில் எடுப்பார். ஒலிப்பதிவை அப்படியே அனுப்பிவிட்டால் என்ன? பெரும்பாலும் அவர் முழுதாகக் கேட்கமாட்டார். முதல் மூன்று நிமிடத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டுவிட்டு, காதில் விழுந்த முதல் குறையைப் பிடித்துக்கொண்டு பையனுக்கு ஃபோன் போடுவார். அறையில் இன்னும் நாலு பேர் இருந்தால் அவர்களும் சேர்ந்து கேட்பார்கள். அதனால்தான் எழுத்தில் ஒரு சுருக்கம் தேவைப்படுகிறது.

எழுதப்போவது யாராகவும் இருக்கலாம். கூட்டத்துக்குப் போன அம்மாவே எழுதலாம். கல்லூரியில் படிக்கும் அக்காவோ, பக்கத்து வீட்டில் இருக்கும் அத்தை மகளோ எழுதலாம். கூட்டத்துக்குப் போகாத ஒருவர் எழுதுவதில் ஒரு நன்மை உண்டு. அம்மா தான் சொல்ல நினைத்ததையும் ஆசிரியை சொன்னதையும் மனத்தில் ஏற்கெனவே கலந்துவிட்டிருப்பார். வெளியாளுக்குக் காதில் விழுவது மட்டும்தான் தெரியும்.

பதிவு செய்யும்போது

முதலில் ஆசிரியையிடம் கேட்க வேண்டும். ஃபோனைப் பைக்குள் ஒளித்து வைத்துப் பதிவு செய்தால் துணி உரசும் சத்தம்தான் மிஞ்சும். விஷயம் பின்னால் தெரியவந்தால், அந்த ஆசிரியை அடுத்த கூட்டத்தில் மனம் விட்டுப் பேசமாட்டார். உட்கார்ந்ததும் நேராகச் சொல்லிவிடலாம்: “மிஸ், இவங்க அப்பா வெளிநாட்டுல இருக்காங்க. நீங்க சொல்றத அவருக்கு எழுதி அனுப்பணும், மறந்துரக்கூடாதுன்னு ரெக்கார்டு பண்ணிக்கவா?” பெரும்பாலும் சம்மதிப்பார்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல் சிறு நோட்டில் குறித்துக்கொண்டு அன்று மாலையே எழுதிவிட வேண்டும். மறுநாள் உட்கார்ந்தால் மதிப்பெண்கள் நினைவிருக்கும், சொன்ன விதம் நினைவிருக்காது.

ஃபோனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். இல்லையென்றால் நடுவில் வரும் ஓர் அழைப்பு பதிவை நிறுத்திவிடலாம். நின்றுபோனது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். மேசையில் நேராக வைக்காமல் ஒரு நோட்டின் மேலோ மடித்த கைக்குட்டையின் மேலோ வைத்தால், விடைத்தாளை எடுத்துப் போடும் சத்தமும் பேனா தட்டும் சத்தமும் குறையும். மைக் இருக்கும் கீழ்ப்பக்கம் ஆசிரியையைப் பார்த்து இருக்கட்டும். மின்விசிறிக்கு நேர் கீழே இடம் கிடைத்தால் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாகப் பதிவு செய்ய வேண்டாம். ஒரு விரல் தவறினால் அது யாருக்காவது போய்விடும். ஃபோனோடு வரும் ரெக்கார்டர் போதும். முடிந்ததும் கோப்புக்குத் தேதியோடு பெயர் வையுங்கள், உதாரணமாக `2025-10-11_class-teacher.m4a`. கூட்டத்தன்று கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று நாலு பேரைப் பார்த்திருந்தால், பெயரில்லாத நாலு கோப்புகளில் எது எவருடையது என்று தேடவே அரை மணி நேரம் ஆகும்.

அப்பாவிடம் முந்தின நாளே ஒன்று கேட்டு வைத்துக்கொள்ளலாம்: “மிஸ்கிட்ட என்ன கேக்கணும்?” இரண்டு கேள்விகளுக்கு மேல் வேண்டாம். அந்த இரண்டுக்கும் விடை சுருக்கத்தின் தலையிலேயே வரவேண்டும். விடை கிடைக்கவில்லை என்றால், கிடைக்கவில்லை என்றும் எழுத வேண்டும்.

கேட்பதும் குறிப்பதும்

பதினொன்றரை நிமிடப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல்முறை கையில் பேனா இல்லாமல் முழுதாகக் கேளுங்கள். இப்படிச் சொன்னால் பலர் சிரிப்பார்கள், ஆனால் இதைத் தவிர்த்தவர்களின் சுருக்கம் பார்த்தவுடன் தெரிந்துவிடும். முதல் மூன்று நிமிடத்துக்குப் பத்து வரி இருக்கும், கடைசி மூன்று நிமிடத்துக்கு ஒரு வரி. ஆசிரியர் சந்திப்புகளில் முக்கியமான பேச்சு பெரும்பாலும் கடைசியில், எழுந்திருக்கும்போதுதான் வரும்.

இரண்டாம் முறை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, நோட்டில் ஒவ்வொரு குறிப்புக்கும் மூன்று விவரம் எழுதுங்கள்: பதிவில் எந்த நிமிடம், பேசியது யார், என்ன சொன்னார். அதற்குப் பக்கத்தில் ஓர் எழுத்து. ஆசிரியை தன் கண்ணால் பார்த்ததற்கு “பா”. இன்னொருவர் சொல்லி அவர் கேட்டதற்கு “கே”. அவருடைய எண்ணத்துக்கு அல்லது ஊகத்துக்கு “எ”. யாராவது செய்ய வேண்டியதற்கு “செ”. இந்த ஓரெழுத்தை விட்டுவிட்டால் மிச்சமெல்லாம் சரியாக இருந்தும் சுருக்கம் தவறாகிவிடும். ஏன் என்பதை ஓர் உரையாடலை வைத்தே பார்க்கலாம். இது விளக்கத்துக்காக அமைத்தது. காலாண்டுத் தேர்வு முடிந்து, 2025 அக்டோபர் 11, சனிக்கிழமை நடந்த கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பாசிரியைதான் கணக்கும் எடுக்கிறார்.

0:40 ஆசிரியை: “நல்ல பையன்தாம்மா, சேட்டையெல்லாம் கிடையாது. ஆனா கொஞ்ச நாளா கிளாஸ்ல தூங்குறான். மொத பீரியட்லயே தலை சாயுது.”
1:05 அம்மா: “ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்கான் மிஸ். படிக்கிறேன்னுதான் சொல்றான்.”
1:20 ஆசிரியை: “படிக்கிறானோ போன் பாக்குறானோ, யாரு கண்டா.”
2:15 ஆசிரியை: “மேக்ஸ்ல நாப்பத்தொண்ணு. ஜியாமெட்ரியும் கிராஃபும் தொடவே இல்ல. அதுலயே பதினாறு மார்க் போச்சு.”
3:50 ஆசிரியை: “சயின்ஸ் அம்பத்திரெண்டு. அது பரவாயில்ல.”
5:30 ஆசிரியை: “சோஷியல் சார் சொன்னாரு, ரெண்டு அசைன்மென்ட் குடுக்கலையாம்.”
7:10 அம்மா: “டியூஷன் போட்டுரலாமா மிஸ்?”
7:15 ஆசிரியை: “அது உங்க இஷ்டம்மா. இங்கயே சாயந்தரம் நாலரையிலருந்து அஞ்சரை வரைக்கும் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு. அதுக்கு ஒழுங்கா வந்தாலே போதும்.”
7:40 அம்மா: “வேன் போயிருமே மிஸ்... பார்த்துக்கலாம்.”
9:05 ஆசிரியை: “அடுத்த திங்கக்கிழமை ஜியாமெட்ரி, கிராஃப் ரெண்டுலயும் டெஸ்ட் வைக்கிறேன். வீட்ல ரெண்டு மூணு போட்டுப் பாக்கச் சொல்லுங்க.”
10:20 ஆசிரியை: “அவங்க அப்பா பேசுவாரா?”
10:25 அம்மா: “தெனம் பேசுவார் மிஸ். பதினோரு மணிக்கு மேலதான் அவருக்கு நேரம் கிடைக்கும்.”
10:40 ஆசிரியை: “ஓ... கொஞ்சம் முன்னாடியே பேசச் சொல்லுங்களேன்.”

எழுதுபவர் அப்பாவின் அக்கா மகள் என்று வைத்துக்கொள்வோம். இதைக் கேட்டுவிட்டு அவர் அவசரத்தில் எழுதினால் இப்படித்தான் வரும்:

“மாமா, மிஸ்ஸ பாத்தாச்சு. பையன் படிக்கவே மாட்டேங்குறானாம். ராத்திரி முழுக்க போன் பாக்குறானாம், கிளாஸ்ல தூங்குறானாம். கணக்குல 41, சயின்ஸ்ல 52தான். அசைன்மென்ட் எதுவும் குடுக்கல. டியூஷன் போடணும்னு சொன்னாங்க.”

ஆறே வரிதான். ஆனால் இதைப் படிக்கும் அப்பா சார்ஜாவிலிருந்து அன்றிரவு என்ன பேசுவார் என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம். இதில் என்னென்ன தவறு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“ஆம்” படுத்தும் பாடு

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. நாம் நேரில் பார்க்காததைச் சொல்லும்போது வினையின் கடைசியில் “ஆம்” சேர்த்துவிடுவோம்: வந்தானாம், கொடுக்கலையாம். நேர்ப்பேச்சில் இது அழகாக வேலை செய்யும். சுருக்கத்திலோ எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டிவிடும். மேலே உள்ள அவசரக் குறிப்பில் “தூங்குறானாம்”, “போன் பாக்குறானாம்” இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. தூங்குவதை ஆசிரியை கண்ணால் பார்த்தார். ஃபோன் விஷயம் அவர் வாயில் வந்த வெறும் சந்தேகம். “யாரு கண்டா” என்று அவரே சொல்லிவிட்டார். இரண்டுக்கும் ஒரே “ஆம்” போட்டதும் சந்தேகம் சாட்சியாகிவிட்டது.

ஆசிரியையே “குடுக்கலையாம்” என்று சொன்ன இடமும் உண்டு. அசைன்மென்ட் விஷயம் சமூக அறிவியல் ஆசிரியர் சொல்லி அவர் கேட்டது. நாம் அதை இன்னொருவருக்குச் சொல்லும்போது மூன்று கை மாறியிருக்கிறது. எனவே சுருக்கத்தில் “ஆம்” என்ற விகுதியையே விட்டுவிட்டு, யார் பார்த்தது, யார் சொன்னது என்று பெயரோடு எழுதுவதுதான் பாதுகாப்பு. “மிஸ் பார்த்தது: முதல் பீரியடில் தூங்குகிறான்.” “சோஷியல் சார் மிஸ்ஸிடம் சொன்னது: இரண்டு அசைன்மென்ட் வரவில்லை.” நோட்டில் போட்ட “பா”, “கே”, “எ” இங்கேதான் கைகொடுக்கும். “எ” போட்டவற்றில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது எழுதுபவரின் முடிவு. ஃபோன் சந்தேகத்தை முழுவதும் விட்டுவிட்டால், அம்மா பின்னால் வாய்தவறிச் சொல்லும்போது “இத ஏன் மறைச்சீங்க” என்ற கேள்வி வரும். ஆகவே, “ஃபோன் பார்க்கிறானா என்று மிஸ்ஸுக்குச் சந்தேகம்தான், தெரியாது என்றே சொன்னார்” என்று ஒரு வரி எழுதிவிடலாம்.

“அவங்க சொன்னாங்க” என்பதும் இதே போன்ற பொறி. மரியாதைக்காக ஆசிரியையையும் அவங்க என்போம், அம்மாவையும் அவங்க என்போம். எழுவாயே இல்லாமல் “சொன்னாங்க” என்று முடிப்பதும் நமக்குப் பழக்கம். அவசரக் குறிப்பில் “டியூஷன் போடணும்னு சொன்னாங்க” என்று வந்ததன் மூலம் இதுதான். டியூஷன் பேச்சை எடுத்தது அம்மா. ஆசிரியையோ அதை வீட்டார் இஷ்டத்துக்கு விட்டுவிட்டு, பள்ளியின் ஸ்பெஷல் கிளாஸுக்கு ஒழுங்காக வந்தாலே போதும் என்றார். ஒவ்வொரு வரியிலும் “மிஸ்”, “அத்தை” என்று ஆளைச் சொல்லியே எழுதுங்கள். படிக்கச் சலிப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

ஆசிரியர்கள் “நாம”, “நாங்க” என்று பேசும் இடங்களையும் கவனிக்க வேண்டும். “நாங்க பாத்துக்குறோம்” என்றால் பள்ளி செய்யும். “நாம ஒரு மாசம் பாப்போம்” என்றால் வீட்டுக்கும் அதில் பங்கு உண்டு. என்ன பங்கு என்று பதிவில் தெளிவாக இல்லையென்றால் அது ஒரு கேள்வி. நாமாக நிரப்பிக்கொள்ளக் கூடாது.

எண்களும் தேதிகளும்

“சயின்ஸ்ல 52தான்” என்று எழுதியவர் ஆசிரியை சொன்ன எண்ணைத்தான் எழுதினார், ஆனாலும் தவறு. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண், செய்முறை 25. காலாண்டில் எழுதியது 75-க்குத்தான். 75-க்கு 52 என்றால் நூற்றுக்கு ஏறக்குறைய 69. அதனால்தான் ஆசிரியை “பரவாயில்ல” என்றார். சார்ஜாவில் இருப்பவர் 52-ஐப் பார்த்ததும் நூற்றுக்கு என்றே எடுத்துக்கொள்வார். எந்த மதிப்பெண்ணையும் எத்தனைக்கு என்று சொல்லாமல் எழுதாதீர்கள்.

கணக்கில் 41 என்பது நூற்றுக்குத்தான். தேர்ச்சிக்கு 35 வேண்டும் என்பதால் பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் ஆசிரியை காரணத்தையும் கூடவே சொல்லியிருக்கிறார். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளின் கடைசிப் பகுதியில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 என்று 16 மதிப்பெண் உண்டு. அந்தப் பகுதியை அவன் தொடவே இல்லை. எண்ணை எழுதிவிட்டுக் காரணத்தை விட்டால் “கணக்கு வராத பையன்” என்று ஆகிவிடும். இரண்டையும் சேர்த்து எழுதினால், பயிற்சி எந்த இடத்தில் வேண்டும் என்று அப்பாவுக்கே தெரிந்துவிடும்.

காதால் கேட்ட எண்ணை நம்பி விடாதீர்கள். சத்தமுள்ள அறையில் அறுபத்தேழும் எழுபத்தேழும் ஒன்றாகத்தான் கேட்கும். ஆங்கிலத்தில் சொன்னால் பதினைந்தும் ஐம்பதும் குழம்பும். ரேங்க் கார்டை ஒரு படம் எடுத்து, எழுதிய ஒவ்வொரு எண்ணையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றுக்கொன்று முரண்பட்டால் அட்டையில் இருப்பதை எழுதிவிட்டு, ஆசிரியை வாயால் வேறு எண் சொன்னதையும் குறிப்பிடுங்கள்.

இனி “அடுத்த திங்கக்கிழமை”. சனிக்கிழமை உட்கார்ந்து பேசும்போது அடுத்த திங்கள் என்பது மறுநாளைக்கு மறுநாள் வரும் 13-ஆம் தேதியா, அதற்கடுத்த 20-ஆம் தேதியா? சிலர் இப்படியும் சிலர் அப்படியும் சொல்வார்கள். 2025-இல் அக்டோபர் 20 தீபாவளி, அன்று பள்ளி கிடையாது. அதனால் 13 என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். பொறுங்கள். தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் சொல்லி, வீட்டில் போட்டுப் பார்க்கச் சொன்னாரா, தீபாவளி கழிந்து 27-ஐ நினைத்துச் சொன்னாரா என்பது பதிவில் இல்லை. அம்மா ஆசிரியைக்கு ஒரு வரி அனுப்பிக் கேட்டால் தீர்ந்தது: “மிஸ், ஜியாமெட்ரி டெஸ்ட் 13-ஆம் தேதியா, 27-ஆம் தேதியா?” நம் எடுத்துக்காட்டில் 13 என்று பதில் வந்ததாகக் கொள்வோம். சுருக்கத்தில் கிழமையும் தேதியும் சேர்ந்து வரவேண்டும். கிழமை மட்டும் எழுதினால், இரண்டு நாள் கழித்துப் படிப்பவருக்கு அது வேறு வாரமாகிவிடும்.

நேரம் எழுதும்போது அவருடைய ஊர் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். அமீரகமும் ஓமனும் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சவுதி, குவைத், கத்தார் இரண்டரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர், மலேசியா இரண்டரை மணி நேரம் முன்னால்.

பரவாயில்ல, பார்த்துக்கலாம்

ஆசிரியர்கள் பெற்றோரிடம் எதையும் முகத்தில் அடித்தாற்போல் சொல்வதில்லை. நல்லதைச் சொல்லி, “ஆனா” போட்டு, மெல்ல விஷயத்துக்கு வருவார்கள். இந்த மென்மையை நம் வார்த்தையில் மாற்றும்போது அது கூடும், அல்லது குறையும். “பரவாயில்ல” என்பதை நீங்கள் “நன்றாகப் படிக்கிறான்” என்று மாற்றினால் மிகை. “சுமார்” என்று மாற்றினால் குறை. இப்படிப்பட்ட சொற்களை மட்டும் மேற்கோள் குறிக்குள் அப்படியே வைத்துவிடுங்கள். அவர் சொன்ன “பரவாயில்ல” என்ன எடை என்று அப்பாவுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஒரு சுருக்கத்தில் இப்படி இரண்டு மூன்று இடம் போதும். பத்து இடத்தில் மேற்கோள் வந்தால் அது சுருக்கமே இல்லை.

அம்மா சொன்ன “பார்த்துக்கலாம்” இதைவிடச் சிக்கல். வேன் நாலு மணிக்கே கிளம்பிவிடும் என்பதால் ஸ்பெஷல் கிளாஸுக்கு அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அதை “ஸ்பெஷல் கிளாஸ் போகப்போறான்” என்று எழுதினால் பொய். “போக முடியாது” என்று எழுதினாலும் பொய். “முடிவாகவில்லை, வேன்தான் தடை” என்று எழுதினால், பேருந்துக்கு ஏற்பாடு செய்வதா, யாராவது வண்டியில் கூட்டி வருவதா என்று அப்பா யோசிக்க இடம் கிடைக்கும்.

அப்பாவைப் பற்றிய வரி

பதிவின் கடைசிப் பகுதியில் அப்பாவைப் பற்றி வரும் இருபது நொடிதான் இந்தக் குடும்பத்துக்கு மிக முக்கியமான இடம் என்பது என் கருத்து. பையன் முதல் பீரியடில் தூங்குகிறான். பன்னிரண்டு மணி வரை விழித்திருக்கிறான். அப்பா பேசுவது பதினொரு மணிக்கு மேல். ஆசிரியைக்கு அது சட்டென்று பட்டிருக்கிறது, “ஓ” என்றார். அம்மா அதைத் தாண்டிப் போய்விட்டார். சுருக்கம் எழுதுபவரும் தாண்டிப் போகத்தான் பார்ப்பார். நாள் முழுக்க உழைத்துவிட்டுப் பிள்ளைக் குரலைக் கேட்கக் காத்திருப்பவரிடம் “நீங்க பேசுறதாலதான்” என்று எப்படி எழுதுவது என்ற கூச்சம் அது.

அப்படி எழுத வேண்டியதில்லை. ஆசிரியை “அதனாலதான் தூங்குறான்” என்று சொல்லவும் இல்லை. அவர் கேட்டுக்கொண்டதை மட்டும் எழுதி, அதைத் தூக்கம் பற்றிய வரிக்கு அடுத்தபடியாக வையுங்கள். இரண்டும் பக்கத்தில் இருந்தாலே அவருக்குப் புரிந்துவிடும். எத்தனை மணிக்குப் பேசலாம் என்று நீங்கள் யோசனை சொல்வதும் வேண்டாம். அவருடைய ஷிப்ட் உங்களுக்குத் தெரியாது.

எழுதி முடித்த வடிவம்

வாட்ஸ்அப்பில் ஒரு திரைக்குமேல் கொஞ்சம் நீண்டால் போதும். அவர் முன்பே கேள்வி கேட்டிருந்தால் அதற்கு விடை முதலில், நம் எடுத்துக்காட்டில் அவர் எதுவும் கேட்கவில்லை. அடுத்து அவர் செய்ய வேண்டியது அல்லது தீர்மானிக்க வேண்டியது. பிறகு மற்றவை. அதே அக்கா மகள் நிதானமாக எழுதினால் இப்படி வரும்:

“மாமா, சனிக்கிழமை (11 அக்டோபர்) அத்தை மிஸ்ஸைப் பார்த்தாங்க. மிஸ்ஸோட அனுமதியோட ரெக்கார்டு பண்ணினோம். 11 நிமிஷப் பேச்சோட சுருக்கம் இது.

*நீங்க பார்க்க வேண்டியது ரெண்டு*
1. முதல் பீரியட்ல தூங்குறான்னு மிஸ் கவனிச்சிருக்காங்க. ராத்திரி 12 வரைக்கும் முழிச்சிருக்கான்னு அத்தை சொன்னாங்க. நீங்க ராத்திரி 11 மணிக்கு மேல (உங்களுக்கு 9:30) பேசுறத அத்தை சொன்னப்ப, ‘கொஞ்சம் முன்னாடியே பேசச் சொல்லுங்களேன்’னு மிஸ் கேட்டுக்கிட்டாங்க.
2. ஸ்கூல்ல சாயந்தரம் 4:30 முதல் 5:30 வரை ஸ்பெஷல் கிளாஸ். அதுக்கு ஒழுங்கா வந்தாப் போதும்னு மிஸ் சொன்னாங்க. வேன் அதுக்குள்ள போயிரும், அதனால இன்னும் முடிவாகல. டியூஷன் பத்திக் கேட்டது அத்தைதான், மிஸ் அதை உங்க இஷ்டத்துக்கு விட்டுட்டாங்க.

*மார்க்* (ரேங்க் கார்டோட சரிபார்த்தது)
கணக்கு 41/100. ஜியாமெட்ரி, கிராஃப் ரெண்டும் எழுதல, அதுல மட்டும் 16 போச்சு.
சயின்ஸ் 52/75. ‘பரவாயில்ல’ன்னாங்க.

*அடுத்து*
திங்கள் 13 அக்டோபர்: ஜியாமெட்ரி, கிராஃப் டெஸ்ட். அதுக்குள்ள வீட்ல ரெண்டு மூணு போட்டுப் பார்க்கணும்.
சோஷியல்ல ரெண்டு அசைன்மென்ட் வரலன்னு சார் மிஸ்கிட்ட சொல்லியிருக்கார். எந்த ரெண்டுன்னு தெரியல, அத்தை கேப்பாங்க.

நல்ல பையன், சேட்டை கிடையாதுன்னு மிஸ் முதல்லயே சொன்னாங்க. போன் பார்க்குறானான்னு ஒரு சந்தேகம் சொன்னாங்க, ஆனா தெரியாதுன்னும் சொல்லிட்டாங்க.”

இதில் ஒரு வரியைப் பற்றிச் சிலருக்குக் கேள்வி வரும்: “நல்ல பையன்” ஏன் கடைசியில்? முதலில் போட்டால் அதைப் படித்துவிட்டு மிச்சத்தை லேசாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. குறையை மட்டுமே பிடித்துக்கொள்கிற அப்பாவாக இருந்தால் தலையிலேயே போடுங்கள். ஆளைத் தெரிந்து வைக்க வேண்டிய இடம் இது.

நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே எழுதினால் வாட்ஸ்அப்பில் அந்தச் சொற்கள் தடித்துத் தெரியும், தலைப்புக்கு அது போதும். அவருக்கு நீண்ட தமிழ் எழுத்தைப் படிப்பது சிரமம் என்றால், இதையே பார்த்துப் படித்து இரண்டு நிமிட வாய்ஸ் மெசேஜாக அனுப்பலாம். அப்போதும் முதல் வாக்கியம் “மாமா, தனியா இருக்கும்போது கேளுங்க” என்று இருக்கட்டும்.

அனுப்புமுன், அனுப்பிய பின்

கூட்டத்துக்குப் போன அம்மாவிடம் கட்டாயம் காட்டுங்கள். அவரைப் பற்றிய வரிகள் சரியா என்று மட்டும் கேளுங்கள். ஆசிரியை சொன்னதைப் பற்றி அவருக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபட்டால், நோட்டில் குறித்த நிமிடத்துக்குப் போய் இருவரும் சேர்ந்து கேட்டால் முடிந்தது. பேச்சில் வேறு பிள்ளைகள் பெயர் வந்திருந்தால், “பின்பெஞ்சுல இருக்குற ஒருத்தனோட சேர்ந்து” என்ற அளவோடு நிறுத்திவிடுங்கள். அந்தப் பையனின் அப்பாவும் அதே ஊரில் அதே கம்பெனியில் இருக்கலாம்.

பையனுக்கும் அனுப்புமுன் காட்டுவது நல்லது. அவனைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது, மறைத்து அனுப்ப அதில் ஒன்றுமில்லை. அசைன்மென்ட் இரண்டில் ஒன்றைப் போன வாரமே கொடுத்துவிட்டேன் என்று அவன் சொன்னால், சார் சொன்ன வரியைத் திருத்த வேண்டாம். கீழே “ஒன்னு குடுத்துட்டதா அவன் சொல்றான்” என்று சேர்த்தால் போதும்.

குடும்பக் குழுவில் போடாமல் அப்பாவுக்குத் தனியாக அனுப்புங்கள். சித்தப்பாவும் பெரியம்மாவும் இருக்கும் குழுவில் 41/100 போய் விழுந்தால், தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் பையனிடம் கணக்கைப் பற்றித்தான் கேட்பார்கள்.

சில அப்பாக்கள், “மிஸ் எப்படிச் சொன்னாங்க, கோவமாவா?” என்று திருப்பிக் கேட்பார்கள். எழுத்தில் குரல் வராது, கேட்பது நியாயம்தான். அப்போது முழுப் பதிவையும் அனுப்ப வேண்டாம். ஃபோனின் ரெக்கார்டரிலேயே வெட்டும் வசதி இருந்தால் அந்த இடத்துக்கு முன்னால் ஐந்து நொடி, பின்னால் ஐந்து நொடி சேர்த்து வெட்டி அனுப்புங்கள். “ஓ” என்பதிலிருந்து தொடங்காமல் அதற்கு முந்தின அம்மாவின் பதிலிலிருந்து தொடங்கினால்தான் அந்த “ஓ” எதற்கு வந்தது என்று புரியும். அவர் கேள்விகள் தீர்ந்து, 13-ஆம் தேதி டெஸ்ட்டும் முடிந்த பிறகு முழுப் பதிவை அழித்துவிடலாம். அரையாண்டுக்குப் பிந்தைய கூட்டத்துக்குப் போகும்போது அம்மா கையில் இருக்க வேண்டியது இந்த ஒரு பக்கச் சுருக்கமும் அதில் பதில் கிடைக்காமல் நின்ற கேள்விகளும்தான்.